முகவரி தப்பிய முதல் வரி

1953இல் கல்கத்தாவில் ஒரு நகைச்சுவைப் படம் வெளியானது. பெயர் ‘ஷாரே சுவாத்தர்’, எழுபத்து நாலரை. நிர்மல் தே இயக்கிய அந்தப் படத்தில்தான் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முறையாகச் சேர்ந்து நடித்தார்கள். கதை நடப்பது ஆண்கள் தங்கும் ஒரு மெஸ்ஸில். மெஸ் முதலாளி ரஜனிபாபு, உறவினர் குடும்பம் ஒன்றுக்கு அங்கே இடம் கொடுக்கிறார். அந்தக் குடும்பத்தில் வயதுவந்த பெண் இருக்கிறாள். அங்கே தங்கியிருக்கும் இளைஞன் ஒருவனுக்கும் அவளுக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்குகிறது. அப்படிப் போன கடிதம் ஒன்று ரஜனிபாபுவின் பையில் தங்கிவிட, ஊரிலிருக்கும் அவர் மனைவியின் கையில் அது சிக்குகிறது. இந்த வயதில் இவருக்கு ஒரு காதலியா என்று அந்த அம்மாள் படும் பாடுதான் படத்தின் பாதி சிரிப்பு.

படத்தின் பெயருக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு. வங்கத்திலும் ராஜஸ்தானத்திலும் அந்தரங்கக் கடிதத்தின் மேல் எழுபத்து நாலரை என்று இலக்கத்தில் எழுதும் பழக்கம் இருந்தது. உரியவர் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். ஜேம்ஸ் டாட் 1829இல் வெளியிட்ட ராஜஸ்தான வரலாற்றில் இதற்கு ஒரு கதை சொல்கிறார். 1568இல் அக்பரிடம் சித்தூர் கோட்டை விழுந்தபோது இறந்த வீரர்களின் பூணூல்களை எடைபோட்டால் எழுபத்து நாலரை மணு இருந்ததாம். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பவனுக்கு அந்தப் படுகொலையின் பாவம் சேரும். கதை வரலாறாக நிற்குமா என்பது வேறு விஷயம். கடிதம் தவறான கைக்குப் போகும் என்ற அச்சம், அதைத் தடுக்க ஒரு கோட்டையின் சாபத்தையே கடன் வாங்கும் அளவுக்கு இருந்திருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

அந்த அச்சம் இன்று ஒரு காதல் கதையின் தொடக்கமாக மாறியிருக்கிறது. எண் மாறிப் போன ஒரு செய்தி, அதற்கு ஒரு பதில், பதிலில் ஒரு சீண்டல், இரு அந்நியர்கள். இந்தச் சிறுகதையை ஜாதவ்பூரில் வைத்து எழுதினால் என்னென்ன பொருந்தும், என்னென்ன உடையும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. ஜாதவ்பூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகமும் ‘எய்ட்-பி’ பேருந்து நிலையமும் சியால்தா தெற்குத் தடத்து ரயில் நிலையமும் நெருங்கிக் கிடக்கும் அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் வெளியூர் மாணவர்கள் அறை தேடி அலைகிறார்கள். 1953இன் மெஸ் அங்கே இன்று பி.ஜி. ஆகிவிட்டது. இன்னொரு காரணம் என் சொந்த ஆசை: அங்கே ஒரு முக்குக்கு ‘சுலேகா’ என்று பெயர். 1934இல் சுதேசி மையாக ராஜ்ஷாஹியில் பிறந்து பின்பு கல்கத்தாவுக்குக் குடிவந்த சுலேகா மைத் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. மைப்புட்டியின் பெயரைச் சொல்லிப் பேருந்தில் டிக்கெட் எடுக்கும் இடம், கடிதக் கதைக்குத் தகுந்த இடம்தானே.

முதலில், இந்த வகைக் கதைகளை அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காதல் செய்தி தவறான ஆளுக்குப் போனால் கிடைப்பது நகைச்சுவை அல்லது அவலம். சாதாரணச் செய்தி, அதாவது வாடகை, சந்தா, சாப்பாடு பற்றிய செய்தி தவறான ஆளுக்குப் போனால்தான் காதல் பிறக்கிறது.

‘ஷாரே சுவாத்தர்’ முதல் வகை. கடிதத்தில் காதல் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படிக்கும் மூன்றாம் ஆளுக்கு அதில் இடமில்லை. இடமில்லாதவர் உள்ளே நுழைந்தால் சிரிப்பு வரும். அஞ்சன் தத் பாடிய ‘பேலா போஸ்’ அதன் சோக முகம். 1990களின் வங்க இளைஞர்களுக்கு மனப்பாடமான பாட்டு. வேலை கிடைத்துவிட்டது, இனித் திருமணத்துக்குத் தடையில்லை என்று காதலியிடம் சொல்ல ஒருவன் பொதுத் தொலைபேசியில் ஏழு இலக்க எண்ணைச் சுழற்றுகிறான். எடுப்பவர் வேறு யாரோ. அவளைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறான். மீட்டர் ஏறிக்கொண்டே போகிறது. எதிர்முனையின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. இத்தனை கேட்டும் அந்த அந்நியருக்கும் இவனுக்கும் எந்த உறவும் உண்டாகவில்லை. அவன் இதயம் முழுக்க வேறொருத்தி இருக்கிறாள்; எடுத்தவர் வெறும் சுவர். பாட்டில் வந்த எண் நிஜமாகவே நகரில் ஒருவருடைய எண்ணாக இருந்து, பேலாவைக் கேட்டு அவருக்கு அழைப்புகள் குவிந்தன என்பது பாட்டுக்கு வெளியே நடந்த நகைச்சுவை. கற்பனைக் கதையில் எண் எழுதுபவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையும்கூட.

இரண்டாம் வகைக்கு வருவோம். ஆஸ்திரிய எழுத்தாளர் டேனியல் கிளாட்டவர் 2006இல் ஜெர்மன் மொழியில் எழுதிய மின்னஞ்சல் நாவல் ‘வாடைக்காற்றுக்கு மருந்து’ என்ற பொருள்படும் தலைப்புக் கொண்டது. எம்மி என்ற பெண் ஒரு பத்திரிகையின் சந்தாவை நிறுத்தச் சொல்லி எழுதுகிறாள். தட்டச்சில் ‘ஐ’ வரும் இடத்தில் முன்னால் ஓர் ‘ஈ’யையும் தட்டிவிடும் பழக்கம் அவளுக்கு. அதனால் ‘லைக்’ என்ற பத்திரிகைக்குப் போகவேண்டிய அஞ்சல் லியோ லைகே என்பவருக்குப் போய்ச் சேருகிறது. பதில் இல்லையே என்று அவள் மீண்டும் மீண்டும், சற்றே கோபமாக எழுதுகிறாள். கடைசியில் அவன், அம்மா, இது தனிமனிதர் முகவரி என்கிறான். முதல் செய்தியில் காதலின் வாசனைகூட இல்லை. ரிதேஷ் பத்ரா 2013இல் எடுத்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்திலும் அப்படித்தான். மும்பையில் இடம் மாறிப் போன டப்பாவைச் சாப்பிட்ட சாஜன் பெர்னாண்டஸ், இலாவுக்கு எழுதும் முதல் பதில் உப்பு அதிகம் என்பது. நம் ‘காதல் கோட்டை’யில் (1996) தொலைந்த சான்றிதழ்களை எடுத்து அனுப்புகிறான் ஜெய்ப்பூரில் இருக்கும் சூர்யா, ஊட்டியில் இருக்கும் கமலி நன்றி எழுதுகிறாள். சான்றிதழைவிட வறண்ட காகிதம் உலகத்தில் உண்டா?

ஏன் இப்படி? வறண்ட செய்தியில் காலி இடம் இருக்கிறது. சந்தா நிறுத்தச் சொல்பவள் கோபக்காரியா, தனிமையில் இருப்பவளா என்று அந்நியர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகிக்கத் தொடங்கியவர் பாதி மாட்டிக்கொண்டவர். அத்துடன் பிழையைத் திருத்தும் பதில் ஓர் உதவி. உதவி செய்தவருக்குச் சற்று எள்ளல் செய்யும் உரிமை வந்துவிடுகிறது. உப்பு அதிகம் என்று சொல்வதுபோல.

சரி, பிழை எப்படி நடக்கிறது? கதை எழுதுபவர்கள் அதிகம் சோம்பல்படும் இடம் இதுதான். ‘தெரியாமல் வேறு எண்ணுக்கு அனுப்பிவிட்டாள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போவார்கள். ஆனால் இன்று யாரும் எண்ணை விரலால் அடித்துச் செய்தி அனுப்புவதில்லை. பெயரைத் தொட்டு அனுப்புகிறோம். ஆகவே பிழை அனுப்பும்போது நடப்பதைவிட, எண்ணைச் சேமிக்கும்போது நடக்கவே வாய்ப்பு அதிகம். ஜாதவ்பூரில் அதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டும் ‘வாடகைக்கு’ துண்டுத்தாள்களில் சிலர் எண்ணை வங்க இலக்கங்களில் எழுதுவார்கள். வங்க நாலு நம் கண்ணுக்கு அச்சு அசலாக எட்டு. வங்க ஏழு ஒன்பதைப்போல இருக்கும். பாதி இலக்கங்கள் பழகியவைபோலத் தெரிவதால், புதிதாக வந்த தமிழ் மாணவி இது வேறு எழுத்து என்றே சந்தேகப்படமாட்டாள், மற்றவற்றைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வாள். நாலை எட்டாகப் படித்து, பி.ஜி. நடத்தும் அம்மாளின் எண் என்று நம்பி, ‘பி.ஜி. மாஷிமா’ என்று சேமித்துவிடுவாள். இனி அவள் எத்தனை கவனமாக அனுப்பினாலும் செய்தி தவறான இடத்துக்கே போகும்.

அந்த எட்டு எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். இந்தியக் கைபேசி எண்ணின் பத்து இலக்கங்களில் முதல் நான்கைந்து, எந்த நிறுவனத்துக்கு எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்தில் ஒதுக்கிய தொகுதி என்பதைக் குறிக்க ஏற்பட்டவை. கொல்கத்தா தனி வட்டம்; மேற்கு வங்கத்தின் மற்றப் பகுதிகள் வேறு வட்டம். பிழை கடைசி ஐந்து இலக்கங்களுக்குள் நடந்தால், எண் அதே தொகுதிக்குள்ளேயே இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் கொல்கத்தாவில் சிம் வாங்கியவராக இருக்கவே சாத்தியம் மிகுதி. முன்பகுதியில், எடுத்துக்காட்டாகத் தொடக்கத்து ஏழை ஒன்பதாகப் படித்திருந்தால், செய்தி பீகாருக்கோ குஜராத்துக்கோ போகலாம், அல்லது யாருக்கும் ஒதுக்காத எண்ணில் முட்டி நிற்கலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2011லேயே வந்துவிட்டது; 2015இலிருந்து வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டுபோகலாம். அதனால் இது இப்போது விதியல்ல, வாய்ப்புதான். ஆனாலும் இரு அந்நியர்களும் ஒரே நகரத்தில் இருப்பதற்கு விதியையோ தெய்வத்தையோ எழுத்தாளர் கூப்பிட வேண்டாம். ஏழாவது இலக்கம் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. மாஷிமாவின் எண் சரியானதே. ஆனால் பழைய துண்டுத்தாள். அவர் அந்த சிம்மைக் கைவிட்டுவிட்டார். பயன்படுத்தாமல் நிறுத்திய எண்ணை 90 நாள் கழித்தே வேறொருவருக்குக் கொடுக்க முடியும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதாவது கொடுக்கிறார்கள். அப்போது அந்நியருக்கு வருவது ஒரு செய்தி மட்டுமல்ல. அறை கேட்பவர்களும் வாடகை பாக்கிக்காரர்களும் வரிசையாக வருவார்கள். அவன் அலுத்துப்போய் எழுதும் பதிலில் இயல்பாகவே ஒரு கிண்டல் இருக்கும். சிறுகதைக்கு இது இன்னும் நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். கிளாட்டவரின் லியோவும், சந்தா நிறுத்த எழுதியவர்களில் எம்மி முதல் ஆள் அல்ல என்றுதான் அலுத்துக்கொள்கிறான்.

பிழை நடந்தாயிற்று. அடுத்தது பதில். இங்கே காசு பேசவேண்டும். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்துதான் போனது: 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போதும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் அழைப்பை வாங்குபவருக்கும் கட்டணம் உண்டு. எண் மாறி வரும் அழைப்பு என்றால் யாரோ உங்கள் பையில் கைவிட்டதற்குச் சமம். 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்பு இலவசமாயிற்று. குறுஞ்செய்திக்கோ அனுப்புபவர் ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டியிருந்தது. ரோமன் எழுத்தில் 160 குறி, வங்க எழுத்திலோ தமிழிலோ எழுதினால் 70தான். தாண்டினால் இரண்டு செய்திக் கணக்கு. அந்தக் காலத்தில் அந்நியர் ஒருவர் ‘தவறான எண்’ என்று பதில் எழுதியதே தன் செலவில் காட்டிய பண்பு. ‘சரி, அறை கிடைத்ததா?’ என்று மறுநாள் இன்னொன்று எழுதினால், அதில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். காசு கொடுத்துத்தானே கேட்கிறான்.

இன்று பதிலுக்கு விலை இல்லை. அதனால் பதிலுக்குத் தனி அர்த்தமும் இல்லை. எழுத்தாளர் அந்த எடையை வேறெங்காவது தேடவேண்டும். வாட்ஸ்அப்பில் அது நேரத்தில் இருக்கிறது: படித்ததைக் காட்டும் நீலக் குறி விழுந்தும் பதில் வராத இரண்டு மணி நேரம், ‘எழுதுகிறார்’ என்று காட்டிவிட்டு அடங்கிப்போகும் வரி. ஆனால் அதே வாட்ஸ்அப் இந்தக் கதையைப் பல இடங்களில் கொல்லவும் செய்கிறது. எதிராளியின் படம் முதலிலேயே தெரியலாம். மாஷிமாவின் இடத்தில் தாடி வைத்த இளைஞனின் படம் இருந்தால் மாணவி அப்போதே நிறுத்திவிடுவாள். பெறுபவருக்கோ, இவர் உங்கள் தொடர்புகளில் இல்லை என்ற குறிப்பும் தடை செய்யும் பொத்தானும் செய்தியுடனேயே வருகின்றன. போதாததற்கு 2017இல் ‘எல்லோருக்கும் அழி’ வசதி வந்தது. முதலில் ஏழு நிமிடத்துக்குள் அழிக்க வேண்டியிருந்தது. 2022இல் அது இரண்டரை நாளாக நீண்டது. எழுபத்து நாலரைச் சாபம் செய்யாததை அந்தப் பொத்தான் செய்கிறது.

முழுவதும் செய்கிறதா என்றால், இல்லை. அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்ற தழும்பு நிற்கும். அந்நிய எண்ணிலிருந்து வந்து, படிக்கும் முன் அழிந்துபோன ஒரு செய்தியைவிட ஆவலைத் தூண்டுவது எது? நம் கதையை இப்படி நடத்தலாம். மாணவி எழுதுகிறாள்: அறை இன்னும் காலியா, பால்கனியில் துணி காயவைக்கலாமா, மீன் சமைக்காத அடுப்பு தனியாக உண்டா. மாஷிமா என்று அவள் நினைத்த கணக்கில் படமாக ஒரு பூனை இருப்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தோழி, நீ எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறாய் என்று காட்ட, அவசரமாக அழிக்கிறாள். ஆனால் பூனைக்காரன் ஏற்கெனவே படித்துவிட்டான். மாலையில் பதில் வருகிறது: “பால்கனி இருக்கிறது. துணி காயும். மீன் விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது, இது வங்காளம்.” அவள், “மன்னிக்கவும், தவறான எண்.” அவன், “எண் சரியானதுதான், ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். வீடுதான் தவறு.”

இவ்வளவுதான் சீண்டல். இதற்கு மேல் முதல் நாளில் போனால் அவள் தடை செய்துவிடுவாள், செய்யவும் வேண்டும். இருவரும் ஆங்கிலத்தில் எழுதுவதால் மரியாதைப் படிகள் மறைந்திருக்கும் என்பதையும் எழுத்தாளர் நினைவில் வைக்க வேண்டும். வங்காளிக்கு ‘ஆப்னி’யிலிருந்து ‘துமி’க்கு இறங்குவது ஒரு வாசலைத் தாண்டுவது, நமக்கு நீங்களிலிருந்து நீக்கு வருவதுபோல. அவள் வங்காளம் கற்கத் தொடங்கி, ரோமன் எழுத்தில் தப்பும் தவறுமாக எழுதும் முதல் வாக்கியத்தில், தெரியாமலேயே ‘துமி’ போட்டுவிட்டால் அது கதையின் இரண்டாவது பிழைச் செய்தி. நடுப்பகுதிக்கு அதுவே போதும்.

இனி, இந்தக் கதையை நம்பாத வாசகர். அவருடைய சந்தேகம் நியாயமானது. ‘தவறான எண்’ என்பது பல காலமாகவே சாக்கு. வங்கதேச கிராமப்புறத்தில் கைபேசி, கணினி கொண்டு தொழில் செய்த பெண்களிடையே களஆய்வு செய்த ஜூலியா ஹுவாங், ‘தவறான எண் உறவு’களைப் பற்றியே 2018இல் ஒரு மானிடவியல் கட்டுரை வெளியிட்டார். குடும்பமும் ஊரும் வகுத்த வட்டத்துக்கு வெளியே ஓர் ஆணுடன் பேசிப் பார்க்க, பிழையாக வந்த அழைப்பு அந்தப் பெண்களுக்கு ஒரு வாசலாக இருந்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு. ரீசார்ஜ் கடைகளில் பெண்கள் கொடுக்கும் எண்களைக் காசுக்கு விற்கிறார்கள் என்று 2017இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து செய்தி வந்தது, தோற்றத்துக்கேற்ப விலையாம். ஆக ஒருத்தியின் வாசல் இன்னொருத்திக்குத் தொல்லை. ஜாதவ்பூர் மாணவி அந்நியனுக்குப் பதில் எழுதும்போது இந்த இரண்டும் அவள் மனத்தில் ஓடும். ஓடாத பெண்ணை எழுதினால் அவள் பாத்திரமாக நிற்கமாட்டாள்.

இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வேறு யாரோ பெயரைச் சொல்லி வரும் இனிமையான தவறான செய்தி, ‘அடடா மன்னிக்கவும், ஆனால் உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’, ஓர் அழகான படம், சில வாரங்கள் பேச்சு, பிறகு ஒரு முதலீட்டுச் செயலி. மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் அடைத்துவைத்த ஆட்களைக் கொண்டு நடத்தும் மோசடி இது. வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கியவர்களில் தமிழர்களும் உண்டு. 2024இன் முதல் நான்கு மாதங்களில் காதல் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 13.23 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையம் சொன்னது. அதே காலத்தில் பங்கு வணிக மோசடியில் போனது 1,420 கோடிக்கு மேல். பேச்சு காதலில் தொடங்கி முதலீட்டில் முடிந்த வழக்கு எந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பொறுத்து முதல் தொகையின் பொருளும் மாறும்.

மோசடிச் செய்தியையும் உண்மைப் பிழையையும் எப்படிப் பிரிப்பது? காதல் செய்திக்கும் சாதாரணச் செய்திக்கும் இடையே முன்பு சொன்ன வேறுபாடு இங்கே உதவுகிறது. உண்மையான பிழைச் செய்தி இன்னொருவர் வாழ்க்கையின் நடுவிலிருந்து பிய்ந்து வந்தது. அதில் உங்களுக்குப் புரியாத துணுக்குகள் இருக்கும்: எந்த பால்கனி, என்ன அடுப்பு? அனுப்பியவருக்கு அவசரம் பதிலில் இருக்கும், உங்களில் இருக்காது. பிழை தெரிந்ததும் விலகத்தான் பார்ப்பார். மோசடிக்காரரின் செய்தி முழுமையானது, சுத்தமானது. பிழை தெரிந்த பிறகுதான் அவருக்கு உற்சாகமே பிறக்கும். விலகப் பார்ப்பவரை நிறுத்திவைப்பது காதல் கதை, நிற்பவரை நகரவிடாமல் வைப்பது மோசடி. இந்தக் கதையை எழுதுபவர் வாசகரின் சந்தேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும், மாணவியின் தோழி, “பணம் கேட்டானா?” என்று ஒருமுறையாவது கேட்டாக வேண்டும்.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிளாட்டவரின் முதல் நாவலில் இருவரும் சந்திப்பதில்லை. ‘தி லஞ்ச்பாக்ஸ்’ சந்திப்பைக் காட்டாமல் முடிகிறது. ‘காதல் கோட்டை’ கடைசி நொடி வரை தள்ளிப்போடுகிறது. மூன்றிலும் தூரமோ திருமணமோ வயதோ குறுக்கே நின்றது. ஜாதவ்பூர்க் கதையில் அப்படி எதுவும் இல்லை. பூனைக்காரன் சுலேகா முக்கிலேயே இருக்கக்கூடும், எய்ட்-பியிலிருந்து நடந்தே போகலாம். சந்திக்காமல் வைத்திருப்பதற்கு ஆசிரியரிடம் காரணம் இல்லை என்றால், சந்திக்க விட்டுவிடுவதே நேர்மை. அதைக் கடைசிப் பக்கத்துப் பரிசாகவும் வைக்கக் கூடாது, கதையின் நடுவில் வைக்க வேண்டும். எழுத்தில் அத்தனை சாமர்த்தியமாக இருந்த இருவர் ஒரு டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் கைபேசியை எடுப்பார்கள். கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது. இந்த வகையில் நான் படித்த சிறுகதைகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன.